பக் லைன் விலை முடிவாவது கடைசி மூன்று நிமிடத்தில்

ஒரே அணி, ஒரே ஐஸ் ஹாக்கி ஆட்டம். மணிலைன் என்ற பந்தயத்தில் அதன் விலை -150. பக் லைன் என்ற பந்தயத்தில் +170. முதல் விலையில் 100 லாபம் பார்க்க 150 கட்ட வேண்டும். இரண்டாவதில் 100 கட்டினாலே 170 லாபம். வெல்லும் அணி என்று புக்மேக்கரே நினைக்கும் ஓர் அணிக்கு இவ்வளவு தாராளமான விலை ஏன் என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். "எப்படியும் ஜெயிக்கப் போகிறார்கள், இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க மாட்டார்களா என்ன?" என்றுதான் மனசு சொல்லும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஐஸ் ஹாக்கியில் அந்த இரண்டாவது கோல் எப்போது, எப்படி விழுகிறது என்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த இரண்டு விலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று புரிந்தது.

மணிலைன் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்பது மட்டும்தான். ஓவர்டைமில் ஜெயித்தாலும் சரி, ஷூட்அவுட்டில் ஜெயித்தாலும் சரி, வெற்றி வெற்றிதான். பக் லைனில் பலமான அணிக்கு -1.5 என்று ஒரு சுமை ஏற்றப்படுகிறது. அது குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பந்தயம் பலிக்கும். எதிரணிக்கு +1.5. அது ஜெயித்தாலும், ஒரே ஒரு கோலில் தோற்றாலும் பணம் வரும். வேறு சில விளையாட்டுகளில் பலம் கூடினால் வித்தியாசத்தையே 3, 7, 10 என்று கூட்டுவார்கள். ஹாக்கியில் கோல்கள் குறைவு என்பதால் எண் பெரும்பாலும் 1.5-லேயே நிற்கும், விலைதான் ஏறி இறங்கும்.

இனி ஓவர்டைமுக்கு வருவோம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் ஆட்டத்தில் 20 நிமிடப் பகுதிகள் மூன்று. 60 நிமிடத்தில் சமநிலை என்றால் ஐந்து நிமிட ஓவர்டைம். 2015-16 சீசனிலிருந்து அதில் பக்கத்துக்கு மூன்று ஆட்டக்காரர்கள், முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. அதிலும் முடிவில்லை என்றால் ஷூட்அவுட். அது 2005-06 சீசனில் வந்தது. ஷூட்அவுட்டில் ஓர் அணி மூன்று முறை அடித்தாலும் அதிகாரபூர்வ ஸ்கோரில் ஒரு கோல்தான் சேரும். 2-2 என்று இருந்தது 3-2 ஆகும், அவ்வளவுதான். பிளேஆஃப் கட்டத்தில் ஷூட்அவுட் கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பேர், 20 நிமிடப் பகுதிகளாக, கோல் விழும்வரை ஆடுவார்கள். அங்கேயும் முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இதன் பொருள் எளிமையானது, ஆனால் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஓவர்டைமுக்குப் போன எந்த ஆட்டமும் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் முடியும். 60 நிமிடம் முடிந்து மணி ஒலிக்கும்போது ஸ்கோர் சமமாக இருந்தால் -1.5 பந்தயம் அந்த நொடியே செத்துவிட்டது, +1.5 பந்தயம் அந்த நொடியே ஜெயித்துவிட்டது. அப்புறம் நடக்கும் பரபரப்பெல்லாம் மணிலைன்காரர்களுக்கு மட்டும்.

எத்தனை ஆட்டம் அப்படிப் போகிறது? லீக் கட்டத்தில் நூற்றுக்கு 20 முதல் 25 வரை என்று வைத்துக்கொள்ளலாம். இது வெறும் தற்செயலால் வரக்கூடிய அளவைவிட அதிகம். ஓர் அணி சராசரியாக 3.3 கோல், மற்றது 2.7 கோல் அடிக்கும் என்று எடுத்துக்கொண்டு, கோல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுவதாகச் சாதாரண பாய்சான் கணக்குப் போட்டால் சமநிலை 16 சதவீதம்தான் வரும். மிச்சத்துக்குக் காரணம் ஆடுகிறவர்களின் நடத்தை. ஓவர்டைமில் தோற்கும் அணிக்கும் 1 புள்ளி உண்டு. 1999-2000 சீசனிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசி சில நிமிடங்களில் இரண்டு அணியும் அந்த ஒரு புள்ளியைக் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. பின்தங்கிய அணியோ கோல்கீப்பரையே வெளியே எடுத்துச் சமன் செய்யப் பார்க்கிறது. சொந்தமாக மாடல் எழுதிப் பார்க்கிறவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான். சமநிலையைக் குறைத்துப் போட்டுவிட்டு, "-1.5-க்கு நல்ல விலை கிடைக்கிறது" என்று சந்தோஷப்படுவார்கள்.

மேலே சொன்ன -150 அணியையே எடுத்துக்கொள்வோம். எதிரணி விலை +130 என்றால், புக்மேக்கரின் கமிஷனைக் கழித்த பிறகு பலமான அணியின் வாய்ப்பு 58 சதவீதம் வரும். இதே மாதிரி 100 ஆட்டங்கள் நடப்பதாக நினைப்போம். பிரித்துப் பார்க்க வசதியாக நான் போடும் கணக்கு இது. 23 ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகட்டும். மூன்று பேர் ஆடும் ஓவர்டைமும் ஷூட்அவுட்டும் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது மாதிரிதான், அதனால் பலமான அணிக்கு 12, எதிரணிக்கு 11. மீதி 77 ஆட்டத்தில் பலமான அணி 46-ஐ 60 நிமிடத்துக்குள் ஜெயிக்கிறது, எதிரணி 31-ஐ. அந்த 46-இல் 11 வெற்றி ஒரே கோல் வித்தியாசத்தில் என்றால், இரண்டு கோலோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவது 35 ஆட்டத்தில். ஆக 58-ல் தொடங்கி 35-க்கு இறங்கிவிட்டோம். இறங்கிய 23-இல் பாதிக்குச் சற்று மேல், அதாவது 12, ஓவர்டைம் தின்றது. மீதி 11, 60 நிமிடத்துக்குள்ளேயே ஒரு கோலில் முடிந்த வெற்றிகள்.

35 சதவீத வாய்ப்புக்குக் கமிஷன் இல்லாத நியாயமான விலை +186. பலகையில் இருப்பதோ +170. அந்த இடைவெளி புக்மேக்கரின் கூலி. ஆக +170 தாராளமும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

இந்தக் கணக்கிலேயே நடுவில் இன்னொரு எண் வந்து போனதைக் கவனித்திருப்பீர்கள்: 46. பலமான அணி 60 நிமிடத்துக்குள் ஜெயிக்கும் வாய்ப்பு அது. இதற்கென்று தனியாக ஒரு சந்தை உண்டு. ஒரு அணி, சமநிலை, மறு அணி என்று மூன்று விலை போட்டிருப்பார்கள். ஐரோப்பிய வழக்கத்தில் விலை போடும் பல இடங்களில் முதலில் கண்ணில் படுவதே இதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு தளங்களில் ஒரே அணிக்கான விலையைப் பார்த்தார். ஓரிடத்தில் -150, இன்னோரிடத்தில் +105. "தப்பாக விலை போட்டுவிட்டான்" என்று சொல்லிக்கொண்டே +105-இல் கட்டினார். அணி ஓவர்டைமில் ஜெயித்தது. அவர் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் தோல்வி என்று வந்தது. அவர் வாங்கியது 60 நிமிட விலை. பிழை தளத்தின் மேல் இல்லை, சின்ன எழுத்தைப் படிக்காததில்தான். மூன்றாவதாகச் சமநிலைக்கு ஒரு விலை அருகில் இருந்தால் ஓவர்டைம் கணக்கில் இல்லை என்று அர்த்தம். இதைப் பார்த்தாலே போதும்.

இப்போது எம்ப்டி நெட், அதாவது காலி வலை. பக் லைனின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி இரண்டு, மூன்று நிமிடத்தில் கோல்கீப்பரை பெஞ்சுக்கு அழைத்து, அவருக்குப் பதிலாக ஆறாவதாக ஓர் ஆட்டக்காரரை இறக்கும். ஐந்து பேருக்கு எதிராக ஆறு பேர் தாக்குவார்கள், ஆனால் பின்னால் வலை திறந்து கிடக்கும். முன்னிலையில் இருக்கும் அணி பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, பறித்துவிட்டால் தூரத்திலிருந்து தள்ளிவிட்டாலே கோல். ஆனால் அது பார்வைக்குத் தெரிகிற அளவுக்குச் சுலபமில்லை. தன் பாதியிலிருந்தே அடித்து, குறி தவறி, பக் எதிர்முனைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஐசிங். விளையாட்டு மறுபடி அவர்களுடைய வலைக்கு முன்னால்தான் தொடங்கும், களைத்துப்போன அதே ஐந்து பேரை மாற்றவும் முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரர்கள் சட்டென்று அடிக்காமல், நடுக்கோட்டைத் தாண்டும் வரை பக்கைக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். காலி வலையை நோக்கித் தனியாகப் போகிறவரைப் பின்னாலிருந்து தடுக்கி விழ வைத்தால், அடிக்காமலேயே அவர் அணிக்குக் கோல் வழங்கப்படும். -1.5 கட்டியவருக்கு இதைவிட இனிய விசில் கிடையாது.

எண்களில் பார்ப்போம். இரண்டு பக்கமும் கோல்கீப்பர் இருக்கும்போது, 10 விநாடிக்கு ஓர் அணி கோல் அடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.65 சதவீதம். கோல்கீப்பரை எடுத்தால், எடுத்த அணிக்கு இது 2 சதவீதத்தை ஒட்டி வரும். எதிரில் இருப்பவர்களுக்கோ 4.3 சதவீதத்தை ஒட்டி. அதாவது தன் வாய்ப்பை மூன்று மடங்காக்க, எதிரியின் வாய்ப்பை ஆறரை மடங்காக்கிக் கொடுக்கிறது பின்தங்கிய அணி. பார்க்கப் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கோலில் தோற்பதும் இரண்டு கோலில் தோற்பதும் புள்ளிப் பட்டியலில் ஒன்றுதான். இழக்க எதுவும் இல்லாதவர் எடுக்கும் சரியான முடிவு அது.

பயிற்சியாளருக்கு அந்த இரண்டும் ஒன்று. பக் லைனுக்கு அப்படி இல்லை. விஷயமே இதுதான். அவருக்கு இலவசமாகத் தெரிகிற ஒரு கோலை பக் லைன் பந்தயம் கட்டியவர்கள் இருபுறமும் பணமாகக் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள்.

3-2 என்று ஸ்கோர், மூன்று நிமிடம் மிச்சம். நீங்கள் முன்னிலையில் இருக்கும் அணியின் பக்கம். மேலே சொன்ன வேகங்களை வைத்து, அடுத்த கோல் யாருக்கு விழும் என்பதை மட்டும் கணக்கிட்டால் இப்படி வருகிறது. எதிரணிப் பயிற்சியாளர் பழைய பாணிக்காரர், ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் கோல்கீப்பரை எடுப்பார் என்றால், உங்கள் அணி நாலாவது கோல் அடிக்கும் வாய்ப்பு 26 சதவீதம், சமநிலை ஆகும் வாய்ப்பு 16. இரண்டு நிமிடம் இருக்கும்போது எடுத்தால் நாலாவது கோல் 38 சதவீதம், சமநிலை 19 அல்லது 20. மூன்று நிமிடம் இருக்கும்போதே எடுத்தால் 47 சதவீதம், சமநிலை 22. அதற்குப் பிறகு இன்னொரு கோல் விழுவது அரிது என்பதால் இந்தக் கணக்கே போதும்.

இதை இரண்டு விலைகளிலும் பொருத்திப் பாருங்கள். சமநிலை ஆனால் பாதி முறை நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று வைத்தால், மணிலைனில் உங்கள் வாய்ப்பு முதல் பயிற்சியாளருக்கு எதிராக 92, மூன்றாமவருக்கு எதிராக 89. மூன்றே புள்ளி வித்தியாசம். பக் லைனிலோ 26-லிருந்து 47-க்குத் தாவுகிறது. நியாயமான விலையாகச் சொன்னால் +285-க்கும் +113-க்கும் உள்ள தூரம். அதே பனித்தளம், அதே ஸ்கோர், அதே கடிகாரம். மாறியது பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் ஒருவரின் பழக்கம் மட்டும்.

அந்தப் பழக்கம் காலத்தோடும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கடைசி ஒரு நிமிடம் என்பதுதான் எழுதப்படாத விதி. கொலராடோ அவலாஞ்ச் அணிக்குப் பயிற்சியாளராக 2013-14 சீசனில் வந்த பேட்ரிக் ராய் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போதே கோல்கீப்பரை எடுத்தபோது அது செய்தியானது. ராய் தானே புகழ்பெற்ற கோல்கீப்பராக இருந்தவர் என்பது வேறு கதை. இப்போது இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எடுப்பது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பழைய சீசன்களின் பக் லைன் பதிவுகளை இன்றைய விலையோடு ஒப்பிடும்போது இதனால் கணக்கு கோணலாகிவிடும். அன்று ஒரு கோலில் முடிந்த அதே மாதிரி ஆட்டம் இன்று கொஞ்சம் அதிகமாக இரண்டு கோலில் முடிகிறது.

ஆட்டத்துக்கு முந்தைய விலையில் இது எவ்வளவு பெரிது? நம் 100 ஆட்டத்தில் 20-இல் பலமான அணி ஒரு கோல் முன்னிலையோடு கடைசி மூன்று நிமிடத்துக்குள் நுழைகிறது என்று வைப்போம். எதிரணி இரண்டு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடத்தில் கோல்கீப்பரை எடுக்கும் வழக்கமுடையது என்றால், அந்த 20-இல் கூடுதலாக இரண்டு ஆட்டம் இரண்டு கோல் வித்தியாசத்துக்கு நகரும். 35 சதவீதம் 37 ஆகும். நியாயமான விலை +186-லிருந்து +170-க்கு வரும். அதாவது இந்த ஒரு பழக்கத்தின் மதிப்பு, புக்மேக்கர் எடுத்த கூலிக்குச் சமம். அதைத் தெரிந்துகொண்டவர் லாபம் பார்ப்பதில்லை, நஷ்டத்தைச் சமன் செய்கிறார், அவ்வளவுதான். விலை போடுகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சியாளர்களின் பெயர் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலி வலைக் கோல் வேறு ஒரு விதத்திலும் கண்ணைக் கட்டும். ஓர் அணி ஜெயித்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இரண்டு, மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருப்பதாகப் பட்டியல் காட்டும். ஆதிக்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆட்டச் சுருக்கத்தைத் திறந்து கோல் பட்டியலைப் பாருங்கள். கோலுக்குப் பக்கத்தில் `EN` என்று இருந்தால் அது காலி வலைக் கோல். 4-2 என்று முடிந்த ஆட்டத்தில் நாலாவது கோல் மூன்றாம் பகுதியின் 19:20-இல் `EN` என்றால், 59 நிமிடம் அது 3-2 ஆட்டமாகத்தான் இருந்தது. அந்தக் கோல்களைக் கழித்த பிறகு கிடைக்கும் கோல் வித்தியாசம்தான் அணியின் பலத்தைச் சொல்லும். மணிலைனை மதிப்பிட அதை எடுங்கள். பக் லைனுக்கு மட்டும் கழிக்கக் கூடாது, ஏனென்றால் பந்தயம் தீர்க்கப்படும்போது காலி வலைக் கோலும் கோல்தான். பலர் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு, இரண்டிலும் பாதிப் பிழை செய்கிறார்கள்.

மொத்தக் கோல்களுக்கான எண்ணும் இங்கே பேசும். புக்மேக்கர் மொத்தத்தை 5.5 என்று போட்டிருந்தால் இறுக்கமான ஆட்டத்தை எதிர்பார்க்கிறார், ஒரு கோல் முடிவுகள் அதிகம் வரும். 6.5 என்றால் வித்தியாசம் விரிய இடம் இருக்கிறது. ஒரே -150 மணிலைன் கொண்ட இரண்டு ஆட்டங்களில், 6.5 ஆட்டத்தின் -1.5 விலை சற்றுக் குறைவாக இருப்பது இதனால்தான். அந்தச் சின்ன விலையைப் பார்த்து "இதில் குறைவாகக் கொடுக்கிறான்" என்று ஒதுக்குவது அர்த்தமில்லாத வேலை.

கடைசியாக, இரண்டு கோல் முன்னிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 4-2 என்று இருக்கிறது, நான்கு நிமிடம் மிச்சம், -1.5 கட்டியவர் பணம் வந்துவிட்டது என்று நினைக்கிறார். எதிரணி இப்போதே கோல்கீப்பரை எடுத்துவிடுகிறது, இரண்டு கோல் வேண்டுமே. காலி வலையில் விழுந்தால் 5-2, கதை முடிந்தது. ஆறு பேரில் ஒருவர் அடித்துவிட்டால் 4-3. மணிலைன்காரருக்கு நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், அவ்வளவுதான். பக் லைன்காரர் ஜெயித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரே ஷாட்டில் தோற்கும் பக்கம் வந்துவிட்டார். நடுவட்டத்தில் பக்கைப் போடும்போது எதிரணி கோல்கீப்பர் வலைக்குத் திரும்பியிருப்பார், அவர் அணி பக்கைக் கைப்பற்றியதும் மறுபடி பெஞ்சை நோக்கி ஓடுவார். 40 விநாடி இருக்கும்போது யாரோ ஒருவர் பலகையோரம் பக்கைத் தட்டிவிட, அது மெதுவாக உருண்டு காலி வலைக்குள் போனால் 5-3. பக் லைன்காரர் மறுபடி ஜெயித்துவிட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது யாரும் கவனிக்காத, ஆட்டம் முடிந்த பிறகு விழுந்த கோல்.